ஓனர் அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டால்: வாடகைதாரர் செய்யக்கூடாத தவறுகள்

சாவியைக் கொடுத்த இரண்டாம் நாள் ஓனர் போன் செய்கிறார். “ஹால் சுவரைப் பாழாக்கிட்டீங்க, வீடு முழுக்க பெயின்ட் அடிக்கணும். அட்வான்ஸ்ல கழிச்சுக்கிறேன்.” உடனே “கொஞ்சம் குறைச்சுக்கோங்க” என்று பேரம் பேசுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. பேரம் பேசினால் சேதத்தை ஒப்புக்கொண்டதாக ஓனர் எடுத்துக்கொள்ளலாம். அது சேதம்தானா என்றே முதலில் கேட்க வேண்டும்.

ஆள் குடியிருந்தால் வீடு தேயத்தான் செய்யும். வெயிலில் வெளிறிய பெயின்ட், நடந்து நடந்து மங்கிய தரை, தளர்ந்த கதவுக் கைப்பிடி எல்லாம் தேய்மானம். பல நாடுகளில் இதற்கு வாடகைதாரரிடம் பணம் பிடிக்க முடியாது. உடைந்த வாஷ்பேசின், இஸ்திரிப் பெட்டி சுட்ட தடம் போன்றவை சேதம்.

சரி, கட்டிலை நகர்த்தும்போது ஒரு சுவரில் ஆழமாகக் கீறிவிட்டது, தவறு உங்களுடையதுதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் முழுச் செலவையும் ஏற்பது தவறு. பெயின்ட் ஐந்து வருடம் தாங்கும், நீங்கள் குடிவந்தபோது அது புதிது, மூன்று வருடம் இருந்தீர்கள் என்றால், மிச்சமிருந்த ஆயுள் ஐந்தில் இரண்டு பங்கு. ஆகவே அந்த ஒரு சுவருக்கான செலவில் ஐந்தில் இரண்டு பங்கு கேட்பதுதான் நியாயம். பழைய பெயின்ட்டுக்குப் பதில் வீடு முழுக்கப் புதுப் பெயின்ட் உங்கள் காசில் வரக்கூடாது.

இதை நிரூபிக்க, குடிவந்த அன்றைய படங்கள் வேண்டும். அவை இல்லாமல்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு முழுப் படம், ஏற்கெனவே இருக்கும் கீறலுக்குப் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து ஒரு கிட்டப்படம் எடுங்கள். அன்றே ஓனருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் தேதிக்கும் சாட்சி இருக்கும். காலி செய்யும் அன்றும் இதையே செய்யுங்கள். அப்புறம் ஓனருடன் அறை அறையாகச் சுற்றிப் பார்த்து, கண்டதை எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே சாவியைக் கொடுங்கள்.

போனில் மட்டும் சண்டை போடாதீர்கள். எந்தச் சேதத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாக, பில்லுடன் எழுத்தில் கேளுங்கள். மீதியைத் தர ஒரு தேதியும் குறியுங்கள். பதில் இல்லையென்றால் உங்கள் ஊரின் வாடகைத் தீர்ப்பாயத்திலோ சிறு வழக்கு நீதிமன்றத்திலோ அந்தக் கடிதம் சாட்சியாக உதவும். அட்வான்ஸ் திரும்பாது என்று பயந்து கடைசி மாத வாடகையை நிறுத்துவதும் வேண்டாம். ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று ஆகிவிடும்.

ஓனர் பாதிப் பணத்தைத் தந்து “முழுவதும் பெற்றுக்கொண்டேன்” என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். “பகுதித் தொகை மட்டும் பெற்றுக்கொண்டேன், மீதி நிலுவை” என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.