வங்கியில் பணம் போய்விட்டது, டிரேடிங் கணக்கில் வரவில்லை: என்ன செய்வது?

பாம்பனில் இருக்கும் என் மாமா கருவாட்டு வியாபாரி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை போன் செய்தார். "மாப்ள, பேங்க்ல இருபதாயிரம் எடுத்துட்டான். ஷேர் ஆப்ல பேலன்ஸ் அப்பிடியே இருக்கு. இன்னொரு தடவ அனுப்பவா?"

வேண்டாம் என்றேன். இப்படி மாட்டுகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். முதல் பணம் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் இரண்டாவது முறை அனுப்பினால், அதுவும் அதே இடத்தில் போய் நிற்கலாம்.

முதல் படி: பணம் உண்மையிலேயே போனதா?

குறுஞ்செய்தியை மட்டும் நம்பாதீர்கள். வங்கியின் ஆப்பில் கணக்கு அறிக்கையைத் திறந்து பாருங்கள். சில நேரம் பற்று விழுந்த கொஞ்ச நேரத்தில் அதே தொகை வரவாகத் திரும்பியிருக்கும். அப்படியானால் வேலை முடிந்தது. திரும்பவில்லை என்றால், பணம் யார் பெயருக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். ஷேர் ஆப்பை நடத்தும் தரகு நிறுவனத்தின் பெயர் இல்லாமல் ஏதோ தனி ஆளின் பெயரோ சம்பந்தமில்லாத கடையின் பெயரோ இருந்தால், அது மோசடியாக இருக்க வாய்ப்பு அதிகம். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

இரண்டாம் படி: 12 இலக்க எண்

யுபிஐயில் அனுப்பியிருந்தால் அந்தப் பரிவர்த்தனைக்கு 12 இலக்க எண் ஒன்று இருக்கும். சில ஆப்களில் யுடிஆர் என்றும், சிலவற்றில் யுபிஐ பரிவர்த்தனை எண் என்றும் போட்டிருப்பார்கள். எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான இன்னொரு எண்ணும் அங்கே இருக்கலாம். அது அந்த ஆப் தன் பதிவுக்காக வைத்துக்கொள்ளும் எண். தரகருக்கு வேண்டியது வெறும் இலக்கங்களாக இருக்கும் எண். நெஃப்ட் என்றால் 16 எழுத்துகளும் எண்களுமாக வரும்.

மூன்றாம் படி: எந்தக் கணக்கிலிருந்து போனது?

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி, தரகர் உங்கள் பெயரில் பதிவான வங்கிக் கணக்கிலிருந்து மட்டுமே பணம் வாங்கலாம். மனைவி கணக்கு, அண்ணன் கணக்கு கூடாது. உங்கள் சொந்தக் கணக்கே ஆனாலும், தரகரிடம் பதியவில்லை என்றால் வரவு வைக்க மாட்டார்கள்.

மாமாவுக்கு இரண்டு கணக்குகள். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வந்து விழுகிற பழைய கணக்கு ஒன்று, டிரேடிங்குக்குப் பதிந்த கணக்கு இன்னொன்று. புதுப் போன் வாங்கி யுபிஐ ஆப்பை மறுபடி ஏற்றியபோது பழைய கணக்கு முதன்மையாக அமர்ந்துவிட்டது. டிரேடிங் ஆப்பின் சுயவிவரப் பக்கத்தில் இருந்த வங்கிக் கணக்கின் கடைசி நான்கு எண்களையும், குறுஞ்செய்தியில் வந்த நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டும் வேறு.

நான்காம் படி: யாரிடம் கேட்பது?

எண்கள் வேறு என்றால் தரகரிடம் புகார்ச் சீட்டு போடுங்கள். வாடிக்கையாளர் எண், தேதி, தொகை, அந்த 12 இலக்க எண், கணக்கு அறிக்கையின் அந்தப் பக்கம் ஆகியவை போதும். வரவு வைக்கச் சொல்லி மன்றாடிப் பயனில்லை. பணத்தை வந்த கணக்குக்கே திருப்பச் சொல்லுங்கள். மாமாவுக்கு மூன்றாவது வேலை நாளில் பழைய கணக்கிலேயே பணம் வந்தது.

எண்கள் ஒன்றாகவே இருந்து, தரகரும் பணம் வரவில்லை என்று சொன்னால், நடுவில் உறுதிச் செய்தி போகாமல் நின்றிருக்கிறது. அப்போது வங்கியில் புகார் கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, நிறுவனத்துக்கு யுபிஐயில் அனுப்பி இப்படி நின்ற பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பணம் தன் கைக்கு வந்த பிறகும் தரகர் வரவு வைக்காமலோ திருப்பாமலோ இழுத்தடித்தால், செபியின் `scores.sebi.gov.in` தளத்தில் புகார் பதியலாம்.

அடுத்த முறைக்கு

இரண்டாவது கணக்கையும் தரகரிடம் சேர்த்துவிடுங்கள். ஒரு ரூபாய் அனுப்பிப் பெயரைச் சரிபார்ப்பார்கள். நம் ஊரில் இங்கே ஒரு சிக்கல் வரும்: பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பாஸ்புக்கில் இனிஷியல் மட்டும் இருக்கும். பெயர் பொருந்தவில்லை என்று தள்ளிவிட்டால், பெயர் அச்சிட்ட காசோலை ஒன்றை ரத்து செய்து படமெடுத்துக் கொடுங்கள். அதையும் ஏற்கவில்லை என்றால் வங்கிக் கிளையில் பெயரைத் திருத்த வேண்டியதுதான்.

மாமாவுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. கணக்கு சேர்ந்த மறுநாள் முதலில் 100 ரூபாய் மட்டும் அனுப்பினார். ஆப்பில் பேலன்ஸ் ஏறியதைப் பார்த்த பிறகுதான் மீதி 19,900 ரூபாயை அனுப்பினார்.