‘மிகவும் சுவையாக இருந்தது’ என்று மட்டும் எழுதாதீர்கள்: பெருநாள் பலகாரத்துக்கு நன்றி சொல்லும்போது நடக்கும் தவறுகள்

2024 ஏப்ரலில் நோன்புப் பெருநாளும் தமிழ்ப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் அந்த வாரம் முழுக்கப் படியில் தட்டுகள்தான். கீழ்மாடி ராத்தா வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. இரண்டு மூன்று நாள் கழித்து மேல்மாடி அன்ரி பயத்தம் பணியாரமும் அரியதரமும் கொடுத்துவிட்டார். நான் இருவருக்கும் போனில் நன்றி அனுப்பினேன். ராத்தாவுக்கு எழுதியதையே அன்ரிக்கும் அனுப்பிவிட்டேன்:

“இனிய வாழ்த்துகள். நீங்கள் அனுப்பிய இனிப்புகள் மிகவும் சுவையாக இருந்தன. மிக்க நன்றி.”

இருவரிடமிருந்தும் ஒரு கட்டைவிரல் படம் வந்தது, அவ்வளவுதான். அதில் அவர்கள் தவறு ஒன்றுமில்லை. நான் எழுதியதற்கு வேறு என்ன பதில் எழுத முடியும்? வட்டிலப்பத்துக்கும் பணியாரத்துக்கும் ஒரே வரி பொருந்துகிறது என்றால், அந்த வரியில் வட்டிலப்பமும் இல்லை, பணியாரமும் இல்லை. நன்றி எழுதியதும் நான் இப்போது செய்து பார்க்கிற சோதனை இதுதான்: பெயரை மாற்றி இதை இன்னொரு வீட்டுக்கு அனுப்ப முடியுமா? முடிந்தால் திரும்ப எழுத வேண்டும்.

முதலில் வாழ்த்தைப் பார்ப்போம், ஏனென்றால் குறிப்பு தொடங்கும் இடத்திலேயே பலர் வழுக்குகிறார்கள். ரமழான் என்பது நோன்பு இருக்கும் மாதத்தின் பெயர். அது முடிந்து, ஷவ்வால் மாதத்தின் முதல் நாளில் வருவது நோன்புப் பெருநாள். ஆகவே வட்டிலப்பம் கைக்கு வந்த நாளில் “நோன்புப் பெருநாள் வாழ்த்துகள்” அல்லது “ஈத் முபாரக்” என்பதே பொருந்தும். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு மாதமும் பத்து நாளும் கழித்து வருவது ஹஜ்ஜுப் பெருநாள். இரண்டையும் கலந்து எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனாலும் பல வருடம் பக்கத்தில் இருந்தும் எங்கள் பெருநாளின் பெயர் இவர்களுக்குத் தெரியவில்லையே என்று ஒரு நொடி மனதில் படும்.

அடுத்தது, எதைக் குறிப்பிடுவது என்பது. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். “சுவை” என்ற சொல் எதையும் காட்டாது. வட்டிலப்பம் எப்படி ஆகிறது என்று தெரிந்தால், எதைக் கவனித்துச் சொல்வது என்பது தானாக வரும். கித்துள் கருப்பட்டியைச் சீவி, கட்டித் தேங்காய்ப்பாலில் கரைத்து வடிகட்டுவார்கள். கருப்பட்டியில் தூசு இருக்கும், வடிக்காமல் விட்டால் பல்லில் நெறுநெறுக்கும். முட்டையை நுரை எழாமல் அடித்து அதில் சேர்த்து, ஏலக்காயும் சாதிக்காயும் போட்டு, ஆவியில் வைப்பார்கள். மூடியிலிருந்து நீர்த்துளி விழுந்தால் மேற்பரப்பு பள்ளம் பள்ளமாகும். நெருப்பு கூடினால் உள்ளே ஓட்டை ஓட்டையாக வரும். சிலர் அந்த ஓட்டைகளையே விரும்புகிறார்கள், அவற்றில் பாகு தேங்கி நிற்கும் என்பதற்காக. சிலருக்குக் கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும் மிருதுதான் பெருமை. செய்தவர் எந்தப் பக்கம் என்று நமக்குத் தெரியாது. அதனால் “ஓட்டையே இல்லாமல் வந்திருக்கிறது” என்று சமையல் நடுவராகத் தீர்ப்பு எழுதாமல், நம் தட்டில் நடந்ததைச் சொல்வது நல்லது. கரண்டி வைத்ததும் அடியில் பாகு ஊறியது, கஜுவுக்குப் பிள்ளைகள் போட்டி போட்டார்கள், மறுநாள் காலையில் குளிர்ந்திருந்தபோது ருசி இன்னும் கூடியிருந்தது. இவை நாம் கண்டவை, இவற்றில் பிழை வராது.

குறிப்பாகச் சொல்ல வேண்டும் என்ற ஆர்வத்தில் இல்லாததை எழுதுவது இன்னொரு தவறு. ஒரு முறை உறவினர் ஒருவருக்கு “பனங்கட்டி மணம் அருமை” என்று எழுதினேன். அவர் கித்துள் கருப்பட்டி தேடி மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறார். அவருடைய உழைப்பின் மிகக் கடினமான பகுதியையே நான் தப்பாகச் சொல்லியிருந்தேன். எது என்று நிச்சயமில்லையென்றால் பொருளின் பெயரை விட்டுவிட்டு, “அந்த இனிப்பின் மணம்” என்று நிறுத்திக்கொள்ளலாம். கைப்பக்குவத்தைப் புகழ்வதும் இதே வகைதான். கொழும்பில் வேலைக்குப் போகிற பல வீடுகளில் இப்போது பலகாரம் கடையிலிருந்தோ ஓடர் கொடுத்தோதான் வருகிறது. பெட்டியில் வந்த மஸ்கட்டுக்கு “உங்கள் கைப்பக்குவமே தனி” என்று எழுதினால், வாங்கித் தந்தவர் கூச்சப்படுவார். கடைப் பெட்டிக்கு நன்றி சொல்லும்போது சமையலை விட்டுவிட்டுத் தேர்வைப் பார்க்க வேண்டும்: “அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று நினைவு வைத்து முறுக்கும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள், அதை அப்பா தன் அலுமாரியிலேயே வைத்துக்கொண்டார்.” இது கைச்சமையல் பற்றிய எந்தப் புகழ்ச்சியையும் விட நெருக்கமானது. “இதுவரை சாப்பிட்டதிலேயே இதுதான் சிறந்தது” என்பதையும் தவிர்க்கிறேன். போன வருடம் யாருக்கு என்ன எழுதினோம் என்பது நமக்கே நினைவிருக்காது.

சாப்பிட முடியாத பலகாரம் வந்தால் என்ன எழுதுவது? எங்கள் வீட்டில் இது உண்மையான சிக்கல். அம்மா சுத்த சைவம், முட்டை தொடமாட்டார். வட்டிலப்பத்தின் உடம்பே முட்டைதான். “எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டோம், அம்மாவுக்குத்தான் மிகவும் பிடித்தது” என்று மரியாதைக்காக எழுதினால், அடுத்த பெருநாளுக்கு “அம்மாவுக்கு” என்று தனியாக ஒரு கிண்ணம் வரும். அந்தப் பொய்யைப் பிறகு எப்படி இறக்கி வைப்பது? அதே நேரத்தில் “அம்மா முட்டை சாப்பிடமாட்டார்” என்று நன்றிக் குறிப்பிலேயே எழுதுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. நன்றி என்று திறந்தவருக்கு அது ஒரு திருத்தம் போல இருக்கும். சாப்பிட்டவர்களைப் பற்றி மட்டும் எழுதுங்கள், சாப்பிடாதவரை இழுக்க வேண்டாம். முட்டை விஷயத்தைச் சில மாதம் கழித்து, படியில் நின்று பேசும்போது சாதாரணமாகச் சொல்லிவிடலாம். நான் அப்படித்தான் ராத்தாவிடம் சொன்னேன். அடுத்த முறை வட்டிலப்பத்தோடு அம்மாவுக்கென்று நான்கு பேரீச்சம்பழம் ஒரு சின்னத் தட்டில் வந்தது.

அந்த அடுத்த முறை நான் எழுதிய குறிப்பு இது:

“ராத்தா, ஈத் முபாரக். நேற்றுப் பிறை செய்தி வந்த பிறகுதானே அடுப்பு மூட்டியிருப்பீர்கள், அதற்குள் காலையில் எங்கள் வாசலில் வட்டிலப்பம்! உங்கள் மகன் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். மதியம் வெட்டியபோது அடியில் கருப்பட்டிப் பாகு ஊறி நின்றது, சின்னவள் அதை விரலால் வழித்து முடித்துவிட்டாள். அம்மா பேரீச்சம்பழத்தைச் சாமி அறையில் வைத்துவிட்டுத்தான் எடுத்தார். மிகவும் நன்றி.”

இதில் முதல் வரியைச் சொல்ல வேண்டும். இலங்கையில் பெருநாள் நாளையா நாளை மறுநாளா என்பது அன்று மாலை பிறை பார்த்து, கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிப்பு வரும் வரை தெரியாது. இருபத்தொன்பதாம் நோன்பன்று பிறை தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பும் பிடிக்க வேண்டும். பிறை தெரிந்துவிட்டால் அன்றிரவே கருப்பட்டி சீவத் தொடங்க வேண்டும். நாம் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் ஆவிப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்றிருக்கிறார். சுவையைப் புகழ்வதைவிட அந்த இரவைத் தெரிந்துகொண்டதாகச் சொல்வது அவருக்குச் சேரும் என்று நினைத்தேன். தூக்கிக்கொண்டு வந்த மகனையும் சேர்த்தேன். பலகாரத்தைச் செய்தவர் ஒருவர், கொண்டு வந்தவர் இன்னொருவர். கொண்டு வந்த பிள்ளையிடம் வாசலில் “தேங்ஸ் மகன்” என்று சொன்னதோடு செய்தவருக்கும் சொல்லியாகிவிட்டது என்று விட்டுவிடுவது பெரிய வீடுகளில் அடிக்கடி நடக்கிறது.

இந்தக் குறிப்புக்குக் கட்டைவிரல் வரவில்லை. இரவு பத்து மணிக்கு ராத்தா குரல் பதிவு அனுப்பினார். அவருடைய உம்மா பாகு ஊறாவிட்டால் வட்டிலப்பத்தை மேசைக்கே அனுப்பமாட்டாராம். இரண்டு நிமிடம் பேசினார்.

அனுப்பும் இடத்தையும் கவனிக்க வேண்டும். தொடர்மாடி வாட்ஸ்அப் குழுவில் நன்றி போடாதீர்கள். பதினாறு வீடு இருக்கும் இடத்தில் வட்டிலப்பம் ஐந்து வீட்டுக்குப் போயிருக்கும். மற்ற வீடுகளுக்கெல்லாம் நாம்தான் அதை அறிவித்ததாகும், கொடுத்தவருக்கு அது சங்கடம். நேரமும் அப்படியே, அன்றோ மறுநாளோ அனுப்பிவிட வேண்டும். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சேர்த்துச் சொல்லலாம் என்று வைத்தால், பாகு ஊறியது, யார் வழித்தது எல்லாம் மறந்து, “சுவையாக இருந்தது” என்பதுதான் மிஞ்சும்.

“தீபாவளிக்கு நாங்களும் அனுப்புகிறோம்” என்று எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை, கணக்குத் தீர்ப்பது போல இருக்கிறது. தீபாவளி வரும்போது அனுப்பினால் போதும். எங்கள் வீட்டில் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. அம்மா அதைக் கழுவித் துடைத்து, ஐந்தாறு கதலி வாழைப்பழம் வைத்து, என் சின்னவள் கையில் கொடுத்துக் கீழே அனுப்பினார். அதோடு எந்தக் குறிப்பும் வைக்கவில்லை.