சர்வேயர் போட்ட தொகை குறைவா? சொந்த மதிப்பீட்டாளரை ஏற்கச் சொல்லி எழுதுவது எப்படி

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பழைய வண்ணாரப்பேட்டையில் மாமாவின் ஜவுளிக்கடைக்குள் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர். அவர் கடைக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். நனைந்த சரக்கு கொள்முதல் விலையில் 8,00,000 ரூபாய். நஷ்டத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் போட்டது 4,08,000. "கோர்ட்டுக்குப் போயிடலாம்டா" என்றார் மாமா. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது.

முதலில் சர்வே ரிப்போர்ட்டின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மொத்தத் தொகையைப் பார்த்துக் கோபப்பட்டு பயனில்லை; எந்த வரியில் வெட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். எங்கள் ரிப்போர்ட்டில் சரக்கின் அளவில் தகராறே இல்லை. விற்காமல் தேங்கிய சரக்கு என்று 15 சதவீதம், அதாவது 1,20,000 கழித்திருந்தார். மீதி 6,80,000. நனைந்த துணியை விற்றால் 40 சதவீதம் திரும்ப வரும் என்று சால்வேஜாக இன்னொரு 2,72,000 கழித்திருந்தார். இந்த இரண்டுக்கும் ரிப்போர்ட்டில் ஒரு ஆதாரமும் இணைக்கவில்லை. சண்டை இந்த இரண்டு வரியில்தான்.

அடுத்து, நம் சார்பில் மதிப்பிட ஆள் பிடிப்பது. காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ தரும் உரிமம் உள்ள சர்வேயராக இருக்க வேண்டும். உரிமம் நடப்பில் இருக்கிறதா, தீ விபத்துப் பிரிவு அதில் உள்ளதா என்று பாருங்கள். கடைச் சரக்கு வெள்ளத்தில் போனாலும் அந்தப் பிரிவில்தான் வரும். மோட்டார் மட்டும் பார்ப்பவரைக் கூட்டி வந்தால் கம்பெனி முதல் வரியிலேயே ஒதுக்கிவிடும். கட்டணத்தை முன்கூட்டியே ஒரு தொகையாகப் பேசி எழுதி வாங்குங்கள். கிடைப்பதில் இத்தனை சதவீதம் என்று பேசினால், தொகையைக் கூட்டிக் காட்ட அவருக்கே லாபம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். இந்தச் செலவைப் பொதுவாக பாலிசி தராது, நம் கையிலிருந்துதான்.

எங்கள் ஆள் வந்து மேலே காய்ந்தது போலிருந்த ஒரு சேலைக் கட்டைப் பிரித்தார். உள் மடிப்பு முழுக்கப் பூஞ்சை, குண்டூசி குத்திய இடமெல்லாம் துருக்கறை. படம் எடுத்துக்கொண்டு, பழைய துணி வாங்கும் மூன்று வியாபாரிகளிடம் எழுத்தில் விலை கேட்கச் சொன்னார். அதிகபட்சமாக வந்தது 1,17,000. கொள்முதல் பில் தேதிகளை வைத்துப் பார்த்தபோது ஓராண்டைத் தாண்டிய சரக்கு 40,000-க்குத்தான் இருந்தது. அதில் பாதியைக் கழித்தார். ஆக 7,80,000-லிருந்து 1,17,000 போக 6,63,000. சரக்கை அவசரப்பட்டு விற்றிருந்தால் இதில் ஒன்றையும் காட்டியிருக்க முடியாது. நாற்றம் தாங்காமல் மாமி தினமும் திட்டினார், அது வேறு கதை.

இனி கடிதம். "உங்கள் சர்வேயரை மாற்றுங்கள்" என்று எழுதாதீர்கள். சர்வேயரை மாற்ற கம்பெனிக்கே வலுவான காரணம் வேண்டும், நம் அதிருப்தி அதற்குப் போதாது. நம் மதிப்பீட்டாளரை ஏற்கும் கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. ஆனால் காப்பீட்டுச் சட்டத்தின் 64யு.எம் பிரிவு, சர்வேயர் சொன்னதிலிருந்து மாறுபட்ட தொகையைத் தரும் உரிமையைக் கம்பெனிக்கு விட்டுவைத்திருக்கிறது. சர்வே ரிப்போர்ட் இறுதி வார்த்தை அல்ல என்று 2009-ல் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதனால் "சர்வேயர் சொன்னதுதான், எங்கள் கையில் இல்லை" என்ற பதில் செல்லாது. நாங்கள் கேட்டது இவ்வளவுதான்:

"சரக்கின் அளவை ஏற்கிறோம். தேக்கச் சரக்கு, சால்வேஜ் ஆகிய இரண்டு கழிவுகளை மட்டும் மறுக்கிறோம். உரிமம் பெற்ற எங்கள் மதிப்பீட்டாளரின் அறிக்கை, மூன்று விலைக் கடிதங்கள், படங்கள் இணைப்பில். இதை மதிப்பீட்டின் பகுதியாக ஏற்று, இரு சர்வேயரும் சேர்ந்து சரக்கைப் பார்க்க நாள் குறிக்கவும். ஏற்காவிட்டால் எந்த வரியை, எந்த ஆதாரத்தால் மறுக்கிறீர்கள் என எழுத்தில் தெரிவிக்கவும்."

இதை கம்பெனியின் க்ளெய்ம் அதிகாரிக்கும் குறைதீர் அதிகாரிக்கும் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினோம். அதற்குள், பணம் பெற நாம் கையெழுத்திட்டுத் தர வேண்டிய டிஸ்சார்ஜ் வவுச்சர் வந்தது. "முழு, இறுதித் தீர்வு" என்று அச்சிட்ட அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் பிறகு வாயைத் திறப்பது கஷ்டம். தகராறில்லாத 4,08,000-ஐ முதலில் கொடுங்கள், மீதிக்கான உரிமை எங்களுக்கு உண்டு என்று எழுதிக் கேட்டோம்.

கூட்டுப் பார்வையில் அவர்கள் சர்வேயர் கட்டுகளை நடுவில் பிரித்துப் பார்த்த பிறகு இறங்கி வந்தார். நாங்களும் கொஞ்சம் இறங்கினோம். தேக்கச் சரக்கு 50,000, சால்வேஜ் 18 சதவீதம் என்று கூடுதல் அறிக்கை எழுதினார். 7,50,000-ல் 1,35,000 போக 6,15,000. பாலிசிப்படி நாம் ஏற்க வேண்டிய பங்கு அதிலிருந்து கழியும்.

ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது மறுப்புதான் வந்தது என்றால், தனிநபர் உரிமையாளர் கடைகள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னைக்கான அலுவலகம் தேனாம்பேட்டை பக்கம் அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மறுப்பு வந்து ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். அங்கேயும் அவர்கள் முதலில் கேட்பது கம்பெனிக்கு நீங்கள் எழுதிய அந்தக் கடிதத்தின் நகலைத்தான்.