ஏசி பராமரிப்பு ஒப்பந்தம்: பில்லையும் சேர்விஸ் வருகையையும் குழப்பிக்கொள்ளும் இடங்கள்

மட்டக்களப்பில் ஏசி பூட்டிச் சேர்விஸ் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் வருடாந்தப் பராமரிப்பு ஒப்பந்தங்களின் கணக்கு என் கையில் இருக்கிறது. வாடிக்கையாளரோடு எங்களுக்கு வந்த சண்டைகளில் பெரும்பாலானவை மெசின் பழுதால் வந்தவை அல்ல. பில் ஒரு திகதியில் போகிறது, பொடியன்கள் இன்னொரு திகதியில் போகிறார்கள், இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று எங்களுக்கே தெரியாமல் போகிறது. அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது. கல்லடியில் ஒரு விருந்தினர் விடுதியோடு நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். அநேகமான தவறுகள் அந்த ஒரு வருடத்துக்குள்ளேயே இருக்கின்றன.

விடுதியில் 12 ஸ்பிளிட் ஏசிகள். ஒப்பந்தம் 2025 மார்ச் 1 முதல் 2026 பெப்ரவரி 28 வரை. ஒரு மெசினுக்கு வருடம் 12,000 ரூபாய், நான்கு சேர்விஸ். மொத்தம் 144,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒரு பில்லாக, ஒவ்வொரு காலாண்டின் தொடக்கத்திலும் 36,000 ரூபாய். வருகைகள் மார்ச் 15, ஜூன் 15, செப்டெம்பர் 15, டிசம்பர் 15 என்று பேசியிருந்தோம். தாளில் எல்லாம் சரி.

மார்ச் 15 நெருங்கும்போது விடுதி முகாமையாளர் கூப்பிட்டார். "தம்பி, புத்தாண்டு லீவுக்குச் சனம் வர முன்னம் வந்தால் போதும். இப்ப வேண்டாம்" என்றார். ஏப்ரல் 10 போனோம். அதில் ஒரு தவறும் இல்லை. தவறு எங்கள் எக்செல் தாளில் இருந்தது. அடுத்த வருகையின் திகதியை அது இப்படிக் கணக்கிட்டது:

```
=EDATE(D4,3)
```

D4 என்பது கடைசியாக உண்மையில் போன திகதி. ஆகவே அடுத்தது ஜூலை 10 என்று வந்தது. ஜூலையில் அறைகள் நிறைந்திருந்ததால் ஆகஸ்ட் 2 போனோம். உடனே மூன்றாவது நவம்பர் 2 ஆனது. அது நவம்பர் 25க்குத் தள்ளிப்போனது. நான்காவது 2026 பெப்ரவரி 25 என்று காட்டியது. பொடியன்கள் வேறு வேலையில் இருந்ததால் மார்ச் 4தான் போக முடிந்தது. முதல் மூன்று தடவையும் மூன்று நான்கு கிழமை, கடைசித் தடவை ஒரு கிழமைதான் பிந்தினோம். யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் பிந்திய நாட்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நான்காவது வருகை ஒப்பந்தத்துக்கு வெளியே விழுந்துவிட்டது. பில்களோ மார்ச் 1, ஜூன் 1, செப்டெம்பர் 1, டிசம்பர் 1 என்று ஒரு நாளும் பிசகாமல் நான்கும் போய்விட்டன. ஒப்பந்த காலத்துக்குள் போனது மூன்று வருகை, கேட்ட காசு நான்குக்கு.

திகதி எப்போதும் ஒப்பந்தத்தின் தொடக்க நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும். இப்போது எங்கள் தாளில் இருப்பது இதுதான். B2 தொடக்கத் திகதி, C5 எத்தனையாவது வருகை என்பது:

```
=EDATE($B$2,3*(C5-1))+14
```

முதல் வருகை பிந்தி ஏப்ரல் 10 நடந்தாலும் இரண்டாவது ஜூன் 15 என்றே நிற்கும். இரண்டுக்கும் இடையில் இரண்டு மாதம்தான் இருக்கிறதே என்று பொடியன்கள் முறைப்படுவார்கள். இருக்கட்டும். இடைவெளி சுருங்குவதால் மெசினுக்கு ஒரு கெடுதியும் வராது. வருடத்தில் ஒரு வருகை காணாமல் போவதைத்தான் வாடிக்கையாளர் மன்னிக்கமாட்டார். உண்மையில் போன திகதியை எழுதப் பக்கத்தில் வேறொரு நிரல் வைத்திருக்கிறோம். அது பதிவுக்கு மட்டும், எந்தக் கணக்குக்கும் அதை இழுப்பதில்லை.

வருகைகளைச் சரியாக மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வைப்பதும் எங்கள் பக்கத்துக்கு அவ்வளவு பொருந்தாது என்பது என் எண்ணம். டிசம்பர் நடுப்பகுதியில் இங்கே வாடை மழை. நனைந்த சுவரில் ஏணி சாத்தி, வெளியூனிற்றைக் கழற்றிக் கழுவுவது பொடியன்களுக்கு ஆபத்து. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் போவதென்றால் தெருவில் வெள்ளம் நிற்கும் நாட்களும் உண்டு. அதனால் நான்காவது வருகையை ஜனவரி கடைசிக்கு மாற்றிக் கையால் எழுதிவிடுகிறேன். அதேபோல, கச்சான் காற்று தொடங்கி வெக்கை ஏறுமுன் இரண்டாவதை முடித்துவிட்டால், ஏசி ஓய்வில்லாமல் ஓடும் மாதங்களில் கொயில் சுத்தமாக இருக்கும். கடற்கரையோரக் கட்டடங்களில் வெளியூனிற்றின் அலுமினியத் தகடுகளில் உப்பு வெள்ளை மாவாகப் பூத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். விரலால் தொட்டால் உதிரும். நல்ல தண்ணீரால் கழுவாமல் விட்டால் தகடு அரித்துக்கொண்டே போகும். ஆகவே வருகை காலநிலைக்கு ஏற்ப நகரலாம், பில் காலாண்டுக்கு ஏற்ப நிற்கலாம். இரண்டும் தனித்தனி நாட்காட்டிகள். இரண்டும் ஒப்பந்தத்துக்குள்ளே முடிய வேண்டும் என்பதுதான் விதி.

இனி அந்த ஆகஸ்ட் 2 வருகைக்கு வருவோம். அன்று இரண்டு அறைகளில் ஆட்கள் தங்கியிருந்தார்கள், கதவு பூட்டு. பொடியன்கள் பத்து மெசினை முடித்துவிட்டு, ஜொப் காட்டில் "12 ஏசி சேர்விஸ் செய்தது, எல்லாம் ஓகே" என்று ஒரே வரியில் எழுதிக் கையொப்பம் வாங்கி வந்துவிட்டார்கள். பொய் சொல்லும் எண்ணம் இல்லை, காட்டில் அப்படி ஒரு வரிதான் இருந்தது. ஒக்டோபர் 18 காலை முகாமையாளர் கூப்பிடுகிறார். அந்த இரண்டில் ஒரு அறையில், உள்யூனிற்றிலிருந்து இரவு முழுக்கத் தண்ணீர் வடிந்து மெத்தை நனைந்துவிட்டது. போய்ப் பார்த்தால் வடிகால் குழாய் பாசி பிடித்து அடைத்திருந்தது. ஆகஸ்டில் ஒரு தடவை கழுவி ஊதிவிட்டிருந்தால் இது நடந்திருக்காது.

இதற்குப் பிறகு ஜொப் காட்டை மாற்றினோம். இப்போது மெசினுக்கு ஒரு வரி: அறை இலக்கம், சீரியல் இலக்கம், பில்ற்றர் கழுவியதா, இரண்டு கொயிலும் கழுவியதா, வடிகால் ஊதியதா, ஓடும்போது எத்தனை அம்பியர், உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் குளிர்காற்றுக்கும் எத்தனை பாகை வித்தியாசம். அந்த வித்தியாசம் 8 முதல் 12 பாகை வரை இருந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. போன தடவை 11, இந்தத் தடவை கழுவிய பிறகும் 6 என்றால் காஸ் குறைந்திருக்கலாம், பார்க்க வேண்டும். அம்பியரும் வெப்பநிலையும் எழுதாமல் "ஓகே" என்று மட்டும் உள்ள வரியை நான் சேர்விஸ் என்று கணக்கில் எடுப்பதில்லை. பூட்டியிருந்த அறைக்கு நேரே "திறக்கவில்லை" என்று எழுதி, அதற்கும் கையொப்பம் வேண்டும். அந்த மெசின்களுக்கு 15 நாளுக்குள் திரும்பப் போகிறோம். போக முடியாவிட்டால் மெசினுக்கு 3,000 ரூபாயை அடுத்த பில்லில் கழிக்கிறோம்.

வாடிக்கையாளராக இதை வாசிப்பவர்களும் இதைக் கேட்டு வாங்கலாம். மொத்தமாக ஒரு வரி எழுதிய காட்டில் கையொப்பம் வைக்காதீர்கள்.

ஒக்டோபர் 18 போனதில் இன்னொரு தவறும் நடந்தது. தண்ணீர் வடிந்ததைச் சரிசெய்யப் போன பொடியன் அதே மாதிரிக் காட்டில்தான் கையொப்பம் வாங்கினான். அலுவலகத்தில் அதைப் பார்த்தவர் மூன்றாவது வருகை முடிந்தது என்று குறித்துவிட்டார். நவம்பர் நடுவில் முகாமையாளர் "மூன்றாவதுக்கு எப்ப வாறீங்கள்?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. நவம்பர் 25 வரை பிந்தியதற்கு இதுவும் ஒரு காரணம். பழுது பார்க்கப் போவது வேறு, நாள் குறித்துப் போகும் சேர்விஸ் வேறு. ஒரு மெசினைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டுக்குமான வருகையை யாரும் கழிக்க முடியாது. அன்று மற்ற மெசின்களையும் செய்ய நேரம் இருந்தால், வாடிக்கையாளர் சம்மதித்தால், அங்கேயே இன்னொரு காட் நிரப்ப வேண்டும். இப்போது பழுதுக் காட் மஞ்சள் தாளில், சேர்விஸ் காட் வெள்ளைத் தாளில் அச்சடிக்கிறோம். சின்னக் காரியம், ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குழப்பம் வரவில்லை. பழுதுக்கான கூலி ஒப்பந்தத்துக்குள் அடக்கமா, கெப்பாசிற்றர், காஸ் போன்றவற்றுக்குத் தனிக்காசா என்பதும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

இடையில் செப்டெம்பர் 1 விடுதியில் இரண்டு புது ஏசி பூட்டினார்கள். ஒப்பந்தத்தில் மீதம் ஆறு மாதம், இரண்டு வருகை. ஆகவே மெசினுக்கு 6,000 ரூபாய். நாங்கள் முதலில் முழு 12,000 போட்டு அனுப்பித் திரும்ப வாங்கினோம். "வாரண்டி இருக்கிறதே, பிறகு ஏன் காசு?" என்றும் முகாமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. வாரண்டி பழுதான பாகத்துக்கு, கழுவித் துடைப்பதற்கு அல்ல. ஆனால் வாரண்டிக் காட்டில் இலவச சேர்விஸ் எத்தனை என்று எழுதியிருந்தால், அத்தனையையும் கழித்துவிட்டுத்தான் பில் போட வேண்டும். அந்த இரண்டுக்கும் தலா ஒரு இலவச சேர்விஸ் இருந்தது. ஆகவே மெசினுக்கு 3,000 ரூபாய்தான் எடுத்தோம்.

முழு வருடக் காசையும் முதலிலேயே வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மார்ச்சில் கையில் வந்த 144,000 ரூபாயும் மார்ச் மாத வருமானம் அல்ல. வருகை ஒன்று முடிய முடிய 36,000 ஆக வருமானத்துக்கு மாற்ற வேண்டும். அதுவரை அது வாடிக்கையாளருக்கு நாம் தர வேண்டிய சேவை, பொறுப்புப் பக்கத்தில் இருக்க வேண்டியது. இரண்டு வருகைக்குப் பிறகு ஒரு கடை மூடப்பட்டால் 72,000 திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதை ஏற்கெனவே சம்பளத்துக்கும் டீசலுக்கும் செலவழித்து, இலாபம் என்றும் எழுதிவிட்டால் அப்புறம் எங்கே போவது?

கல்லடி விடுதியின் கணக்கை முடித்த விதத்தையும் சொல்கிறேன். டிசம்பர் 1 பில்லை முகாமையாளர் கட்டவில்லை, "வந்து செய்யுங்கள், தாறன்" என்று சொல்லி வைத்திருந்தார். மார்ச் 4 பொடியன்கள் போனபோது, மார்ச் 1 திகதியிட்ட புது வருடத்தின் முதல் பில்லும் அவர் மேசையில் கிடந்தது. புதுப்பிக்க அவர் இன்னும் கையொப்பமே வைக்கவில்லை, எங்கள் தாள் தானாக அடித்து அனுப்பியிருந்தது. நான் நேரே போய் உட்கார்ந்து பேசினேன். மார்ச் 4 வருகையைப் பழைய வருடத்தில் சேர்த்தால், மார்ச் 15 திரும்பப் போக வேண்டும், பதினொரு நாளில் இரண்டு சேர்விஸ். அது யாருக்கும் பயன் இல்லை. ஆகவே நான்காவது பில்லுக்கு 36,000 ரூபாய்க்கு வரவுக் குறிப்பு எழுதிக் கொடுத்து அதை ரத்துச் செய்தோம். மார்ச் 4 வருகையைப் புது வருடத்தின் முதல் வருகையாக வைத்தோம். ஆகஸ்டில் தவறிய இரண்டு மெசினுக்கும் 6,000 ரூபாயைப் புது முதல் பில்லில் கழித்தோம். புது ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் 14 மெசினின் சீரியல் இலக்கமும், நான்கு வருகைத் திகதியும், நான்கு பில் திகதியும் தனித்தனி நிரலில் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே அவர் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: வருகை நடந்த வெள்ளைக் காட் இல்லாமல் அடுத்த பில்லுக்குக் காசு இல்லை.