கழுவிய கத்தரிக்காய்க்கு வரம்பு இல்லை

உணவுப் பாதுகாப்புத் தேர்வுக்குப் படிப்பவர்கள் அதிகம் தவறுகிற கேள்வி இது. மாட்டுத்தாவணி சந்தையில் எடுத்த கத்தரிக்காயில், செடிக்குத் தெளித்த மருந்தின் எச்சம் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். அதிகபட்ச எச்ச வரம்பு 0.2 என்று வைத்துக்கொள்வோம். கழுவியதும் 0.15 ஆகிவிட்டது. தேறுமா?

தேறாது. வரம்பு, விற்பனைக்கு வந்த கழுவாத காய்க்குத்தான். வாழைப்பழத்தைக்கூடத் தோலோடுதான் சோதிப்பார்கள். சரி, அந்த 0.15 எதற்கு? 0.15-ஐ 0.3-ஆல் வகுத்தால் 0.5. இதுதான் பதப்படுத்தல் காரணி. சாப்பிடுபவர் உடலுக்குள் எவ்வளவு போகிறது என்று கணக்கிட உதவும்.

அப்புறம், மருந்தின் பெயரையும் பாருங்கள். மேங்கோசெப் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்கும், கழுவினால் ஓரளவு குறையும். இமிடாகுளோபிரிட் செடிக்குள் ஊடுருவுவது. சதைக்குள் போனதைத் தண்ணீர் எடுக்காது, தோல் சீவினாலும் முழுதாகப் போகாது.