கொண்டைக்கடலை ஏன் வேகமாட்டேன் என்கிறது? ஊறப்போடுவதிலிருந்து குக்கர் இறக்கும் வரை

வீடு மாறிப் போன முதல் மாதம், சுண்டலுக்குப் போட்ட வெள்ளைக் கொண்டைக்கடலை ஏழு விசில் கழிந்தும் நறுக்கு நறுக்கென்றே இருந்தது. அதே மளிகைக்கடை, அதே குக்கர், ராத்திரி முழுக்க ஊறிய கடலை. கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் அதே பொட்டலத்திலிருந்து ஒரு பிடியைக் கேன் தண்ணீரில் ஊறவைத்து, கேன் தண்ணீரிலேயே வேகவைத்தேன். நாலாவது விசிலில் வெண்ணெயாக மசிந்துவிட்டது. குறை கடலையில் இல்லை, புதுவீட்டு போர் தண்ணீரில்.

அதற்குக் காரணம் தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. கடலைக்குள் இருக்கும் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. சூட்டில் அந்தப் பசை கரைந்து செல்கள் பிரிவதைத்தான் நாம் 'வெந்தது' என்கிறோம். போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். இவை பெக்டினோடு போய்ச் சேர்ந்து பசையை இறுக்கிவிடும். இறுகிய பிறகு விசிலைக் கூட்டினாலும் பலன் குறைவுதான். உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று அறிய கருவி எதுவும் வேண்டாம். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகப் படிவு ஏறுகிறதா, சோப்பு நுரைக்க அடம்பிடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் கடினத் தண்ணீர்.

1. பொறுக்கி, கழுவி, ஊறப்போடுதல்

200 கிராம் கடலை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்குச் சுண்டல் செய்யப் போதும். கல், சுருங்கியது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு இரண்டு முறை கழுவுங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி தூள் உப்பைக் கரைத்து அதில் கடலையைப் போடுங்கள். பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். கடலை ஊறியதும் ஏறக்குறைய இரு மடங்கு எடையாகும்.

'உப்புப் போட்டால் வேகாது' என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். ஊறவைக்கும்போது நடப்பது அதற்கு நேர்மாறு. உப்பிலுள்ள சோடியம், தோலில் இருக்கும் கால்சியத்தின் இடத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வதால் தோல் சீக்கிரம் இளகுகிறது. வேகவிடாமல் தடுப்பது புளிப்புதான். புளி, தக்காளி, எலுமிச்சை, மோர் எதுவானாலும் கடலை நன்றாக வெந்த பிறகே சேர வேண்டும். சென்னா மசாலா செய்பவர்கள் பச்சைக் கடலையைத் தக்காளியோடு சேர்த்து குக்கரில் வைத்துவிட்டு, வேகவில்லையே என்று திணறுவது இதனால்தான்.

8 முதல் 12 மணி நேரம் ஊற வேண்டும். கோடைக்காலத்தில் வெளியே வைத்தால் விடிவதற்குள் நுரைத்துப் புளித்த வாடை வந்துவிடும், அதனால் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறந்துபோனால், கடலையைத் தண்ணீரோடு இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து ஒரு மணி நேரம் மூடிவையுங்கள். ராத்திரி ஊறலுக்கு முழு ஈடாகாவிட்டாலும் சமாளிக்கலாம்.

2. ஊறியதா என்று பார்த்தல்

பலர் தவறவிடும் படி இது. ஒரு கடலையைக் கத்தியால் இரண்டாக வெட்டுங்கள். உள்ளே முழுக்க ஒரே நிறமாக இருந்தால் சரி. நடுவில் சுண்ணாம்பு போல வெள்ளையாக, காய்ந்த புள்ளி தெரிந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

பாத்திரத்தின் அடியையும் துழாவிப் பாருங்கள். எல்லாம் உப்பியிருக்க, சில மட்டும் போட்டபடியே சின்னதாக, கூழாங்கல் போலக் கிடக்கும். அவற்றின் தோல் தண்ணீரையே உள்ளே விடவில்லை. அவற்றைக் குக்கரில் சேர்த்தால் மசிந்த சுண்டலுக்குள் பல்லைப் பதம்பார்க்கும் கல்லாக வந்து நிற்கும். எடுத்து எறிந்துவிடுங்கள். கருப்புக் கொண்டைக்கடலையில் இவை அடிக்கடி தென்படும்.

3. வேகவைத்தல்

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவுங்கள். குக்கரில் கடலைக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றி, அரை டீஸ்பூன் உப்புப் போடுங்கள். கடலையும் தண்ணீருமாகக் குக்கரில் பாதிக்கு மேல் போக வேண்டாம், நுரை பொங்கி விசில் துளையை அடைத்துவிடும்.

முதல் விசில் வரும்வரை பெரிய தீ. பிறகு தீயைக் குறைத்து வெள்ளைக் கடலைக்கு 15 நிமிடம், கருப்புக்கு 20 நிமிடம். விசில் எண்ணுவதைவிட நிமிடம் எண்ணுவது நம்பகமானது, ஏனென்றால் ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு வேகத்தில் விசிலடிக்கும். அணைத்த பிறகு ஆவியைப் பிடுங்காமல் தானாக அடங்கவிடுங்கள், உள்ளே வேக்காடு தொடர்ந்து நடக்கும். திறந்ததும் ஒரு கடலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்குங்கள். முழுதாக மசிய வேண்டும். ஒன்றோடு நிறுத்தாமல் நாலைந்தை நசுக்கிப் பாருங்கள்.

போர் தண்ணீர் தவிர வேறு வழியில்லை என்றால், முதலில் அதைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலே தெளிந்ததை எடுங்கள். கடினத்தில் ஒரு பகுதி இப்படிப் போகும். வேகவைக்கும்போது இந்த 200 கிராமுக்குக் கால் டீஸ்பூன் ஆப்ப சோடாவும் சேர்க்கலாம். சோடா பெக்டினை உடைக்கும். கூடிப்போனால் தோல் கழன்று, சோப்பு ருசி அடித்துவிடும், கால் டீஸ்பூனைத் தாண்டாதீர்கள்.

4. இத்தனைக்குப் பிறகும் கல்லாக இருந்தால்

அப்போதுதான் கடலையின் மேல் சந்தேகம். வெக்கையும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறு, ஊறினாலும் வேகாத நிலைக்குப் போய்விடும். நன்றாக உப்பியிருக்கும், ஆனால் வேகவைத்தால் உள்ளே மணல் மணலாக இருக்கும். அடுப்புக்கு மேல் அலமாரியில் டப்பாவை வைப்பவர்கள் வீட்டில் இது சீக்கிரம் நேரும். மேலே நான் செய்தது போல ஒரு பிடியை மட்டும் கேன் தண்ணீரில் சோதியுங்கள். அதிலும் வேகவில்லை என்றால் கடலை பழசு.

பழசை இன்னொரு பத்து நிமிடம் குக்கரில் வைத்துப் பார்க்கலாம், மிருதுவாகும் என்று எதிர்பார்க்க முடியாது. நான் மிச்சக் கடலையைப் புதிதாக ஊறவைத்து, வேகவைக்காமல் அப்படியே கொரகொரப்பாக அரைத்து வெங்காயம், சோம்பு, பச்சைமிளகாய் சேர்த்து மெல்லிய வடையாகத் தட்டிவிடுவேன். செல்களைப் பிரிக்கும் வேலையை மிக்ஸி செய்துவிடுகிறது.

இந்த வடை யோசனையை ராஜ்மாவுக்கு எடுத்துப்போகாதீர்கள். சிவப்பு ராஜ்மாவில் உள்ள ஒரு லெக்டின், அரைவேக்காடாகத் தின்றால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் வரவைக்கும். அதை ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவெனக் கொதிக்கவிட்டோ குக்கரிலோ முழுதாக மசியும்வரை வேகவைத்தே ஆக வேண்டும். கொதி வராத இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.