வெயிலுக்க நடந்து போறவங்களுக்கு ஒரு சின்ன ஐடியா

களுவாஞ்சிக்குடி பக்கம் மெயின் ரோட்டால நடக்கிறண்டா கான் ஓரம்தான் கதி, அதுவும் மூடி உடைஞ்சு கிடக்கும். அதால நான் ரோட்டுக்குச் சமாந்தரமா போற உள் ஒழுங்கையத்தான் புடிப்பன், கொஞ்சம் சுத்துதான் ஆனா மதில் நிழல் கிடைக்கும். காலையில கடல் பக்க மதிலோரம், பின்னேரம் வாவிப் பக்க மதிலோரம், நடு மத்தியானத்துல ரெண்டுலயும் நிழல் இல்ல, மரம் உள்ள ஒழுங்கையப் பாருங்க.

ரோட்ட கடக்கிறதுதான் வில்லங்கம். ரோடு 12 மீற்றர் அகலமெண்டா சாதாரணமா நடந்து கடக்க 10 செக்கன் போகும், 60ல வாற வாகனம் அதுக்குள்ள 170 மீற்றர் வந்துரும். கரண்ட் போஸ்ட்ட எண்ணிப் பாருங்க, ஒண்டுக்கொண்டு 40 மீற்றர் எண்டு வைங்களேன், அஞ்சு போஸ்ட்டுக்கு இங்கால ரெண்டு பக்கமும் ஒண்டும் வரல்லண்டா இறங்கலாம். வயசான ஆக்களோட போனா எட்டு போஸ்ட். வளைவுல அவ்வளவு தூரம் தெரியாது, அதால கொஞ்சம் தள்ளிப் போய்க் கடங்க.

மஞ்சக் கோட்டுல பஸ் நிண்டு கையக் காட்டினாலும் ஓடிராதிங்க, பஸ் மூக்கோட நிண்டு எட்டிப் பாருங்க, பின்னால வாற மோட்டசைக்கிள் பஸ்ஸ வெட்டிக்கொண்டுதான் வரும். எனக்கு ஒருக்கா செருப்பு மட்டும்தான் போச்சு.